காய்ச்சலுக்குப் பின் கால நீட்டிப்பு: டியூட்டருக்கு எழுதும் மடலும் உடன் போகும் சான்றும்

நவம்பர் 20, வியாழக்கிழமை இரவு. டெங்குவோடு மருத்துவமனையில் இருந்துவிட்டு என் அக்கா மகள் வேளச்சேரி வீட்டுக்குத் திரும்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஊசி குத்திய இடம் புறங்கையில் நீலம் பாரித்துக் கிடந்தது. மடிக்கணினியைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, “சித்தி, இதை அனுப்பிவிடட்டுமா?” என்று கேட்டாள்.

அவள் பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை இணையவழியே, பகுதிநேரமாகப் படிக்கிறாள். 3,000 சொல் கட்டுரை ஒன்றை நவம்பர் 27 அன்று பிரிட்டன் நேரம் நண்பகல் 12 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். பாடத்தை நடத்தும் டியூட்டரிடம் கூடுதல் நாள் கேட்டு எழுதிய மடலைத்தான் என்னிடம் காட்டினாள்.

மடல் நீளமாக இருந்தது. காய்ச்சல் எப்படி வந்தது, அம்மா எவ்வளவு பயந்துபோனாள், வார்டில் தூக்கமே இல்லை என்பதெல்லாம் இருந்தன. மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். கடைசி வரி, நம் ஊர் விண்ணப்பங்களில் வழிவழியாக வருகிற “ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்பதன் ஆங்கில வடிவம். எந்தப் பாடம், எந்தக் கட்டுரை, எந்தத் தேதிக்கு மாற்றித் தர வேண்டும் என்பது மட்டும் எங்குமே இல்லை. இணைப்பாக, கையில் சலைன் ஏறும் புகைப்படம் ஒன்று.

நான் சில ஆண்டுகள் இதுபோன்ற இணையவழிப் படிப்பு ஒன்றில் டியூட்டராக இருந்திருக்கிறேன். இத்தகைய மடல்கள் வந்து சேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மடலைப் படிக்கும் எந்த டியூட்டரும் மனமிரங்குவார். ஆனால் அவரால் “சரி” என்று பதில் எழுத முடியாது. எதற்குச் சரி என்பதே அதில் இல்லையே. அவர் நான்கு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும், இவள் பதில் எழுத வேண்டும், அதற்குள் கெடு தாண்டிவிடும். டியூட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் முடிவெடுக்கும்படி மடல் இருக்க வேண்டும். அதற்கு, கேட்கும் நாட்களின் எண்ணிக்கை சான்றில் உள்ள தேதிகளிலிருந்தே பிறக்க வேண்டும். அன்றிரவும் மறுநாளும் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யார் முடிவெடுக்கிறார் என்று பாருங்கள்

நம் கல்லூரிகளில் துறைத் தலைவரை நேரில் பார்த்துப் பேசினால் பல காரியங்கள் முடிந்துவிடும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் டியூட்டருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது விதியில் எழுதப்பட்டிருக்கும். அவர் விரும்பினாலும் அதைத் தாண்ட முடியாது. சில இடங்களில் குறிப்பிட்ட நாள்வரை அவரே நீட்டிக்கலாம். சில இடங்களில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. மாணவர் தளத்தில் படிவம் நிரப்பினால் அலுவலகமோ ஒரு குழுவோ முடிவு செய்யும். அங்கே டியூட்டருக்குப் போகும் மடல் ஒரு தகவல் மட்டுமே. மடலை மட்டும் அனுப்பிவிட்டுப் படிவத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். டியூட்டர் அன்பாகப் பதில் எழுதியிருப்பார். ஆனால் விதிப்படி விண்ணப்பமே வந்திருக்காது.

ஆகவே மாணவர் கையேட்டைத் திறந்து, பின்வரும் இரண்டு பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்.

```
extenuating circumstances
mitigating circumstances
```

அந்தப் பக்கத்தில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் அனுமதிப்பவர், அதிகபட்சம் எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் சில நாள் உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்று கேட்பதில்லை. மாணவரே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அப்படி ஓர் ஏற்பாடு இருந்து, உங்கள் நோயும் இரண்டு மூன்று நாளில் தீர்ந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று பெரும்பாலும் வரம்பு இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அக்கா மகளின் கையேட்டில், கெடுவுக்கு முன்பே சான்றோடு கேட்டால் டியூட்டரே 14 நாள்வரை கொடுக்கலாம், படிவமும் சேர்த்து நிரப்ப வேண்டும் என்று இருந்தது. கெடு தாண்டிவிட்டால் விவகாரம் குழுவுக்குப் போய்விடும்; ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்கும் காரணம் காட்ட வேண்டும். கெடுவுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

நேரத்தையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். பிரிட்டனில் நண்பகல் 12 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 5.30, கோடைக்காலத்தில் மாலை 4.30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். 5.30 என்று பழகிப்போனவர்களுக்கு ஏப்ரலில் ஒரு மணி நேரம் குறைந்துவிடும்.

சான்று: எதைக் காட்ட வேண்டும்

இதில்தான் சென்னையிலிருந்து படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவளிடம் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருந்தது. காய்ச்சல் தொடங்கிய மறுநாள் பார்த்த பக்கத்துத் தெரு மருத்துவர் கொடுத்தது. “வைரல் காய்ச்சலால் அவதிப்படுகிறார், ஒரு வாரம் ஓய்வு தேவை” என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. இங்கே விடுப்பு எடுக்க அது போதும். ஆனால் அங்கே படிப்பவரின் கண்ணால் பாருங்கள்.

“வைரல் காய்ச்சல்” என்றால் ஓர் ஆங்கிலேயருக்குச் சளிக்காய்ச்சல் போன்ற ஒன்றுதான் நினைவுக்கு வரும். தட்டணுக்கள் சரிந்து ஐந்து நாள் வார்டில் கிடந்த டெங்குவை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. “ஒரு வாரம்” என்று எழுதியிருக்கிறது. எந்த நாளிலிருந்து என்று இல்லை. “ஓய்வு தேவை” என்பது அறிவுரை. படிக்க முடியாத நிலையா, வெயிலில் அலையாமல் இருந்தால் போதுமா என்று அதிலிருந்து தெரியாது. பதிவு எண் முத்திரை மையில் கரைந்துபோயிருந்தது. பெயர் வேறு.

பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. மருத்துவமனைச் சீட்டில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டிலும் பல்கலைக்கழகப் பதிவிலும் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கும். நமக்கு இரண்டும் ஒருவரே. அங்கே இருக்கும் அலுவலருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். இந்தச் சான்று இந்த மாணவருடையதுதானா என்ற ஐயம் நியாயமாகவே எழும். சான்றிதழ் வாங்கும்போது பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய், அதில் உள்ளபடியே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற ஏற்கெனவே அச்சான தாளில் முதலெழுத்துதான் இருக்கிறது என்றால் கவலையில்லை. முதலெழுத்து எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று மடலில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை, அவளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையிலேயே புதிய சான்றிதழ் கேட்டோம். மருத்துவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்; என்னென்ன இருக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனது அவருக்கும் எளிதாக இருந்தது. நோயின் பெயர் டெங்கு. இரத்தப் பரிசோதனையில் உறுதியான நாள் நவம்பர் 13. உள்நோயாளியாக இருந்தது 15 முதல் 19 வரை. படிப்புக்கும் வேலைக்கும் தகுதியில்லாத காலம் 12 முதல் 26 வரை. மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாள், மருத்துவரின் பெயர், படிக்கக்கூடிய பதிவு எண், தேதி. மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பதிவு எண்ணைக் குறிப்பிடுவது இந்திய மருத்துவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமைதான்; ஆகவே கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. அந்த எண்ணை வைத்து மருத்துவரின் பதிவை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். லண்டனில் இருக்கும் அலுவலருக்கும் அது கைக்கெட்டும் தூரம்தான்.

இரண்டு எல்லைகளை மதியுங்கள். ஒன்று, சான்றிதழில் முன்தேதி போடச் சொல்லாதீர்கள். 21ஆம் தேதி எழுதுகிற சான்றிதழில் 21 என்றுதான் இருக்க வேண்டும். 12ஆம் தேதியில் தொடங்கிய நோயைப் பற்றி அது பேசலாம், தவறில்லை. இரண்டாவது, மருத்துவர் பார்க்காத நாட்களுக்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. பத்து நாள் வீட்டிலேயே கஷாயம் குடித்துவிட்டு, எல்லாம் சரியான பிறகு போய்ச் சான்றிதழ் கேட்டால், “நோயாளி கூறியபடி” என்றுதான் நேர்மையான மருத்துவர் எழுதுவார். பல்கலைக்கழகக் குழுக்கள் அந்தச் சொல்லைத் தேடிப் படிப்பார்கள். அத்தகைய சான்றுக்கு மதிப்புக் குறைவு. நோய் இருக்கும்போதே, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு மருத்துவரைப் பார்த்துத் தேதியோடு சீட்டு வாங்கிவைப்பது உடம்புக்கும் நல்லது, விண்ணப்பத்துக்கும் நல்லது. அரசு மருத்துவமனையின் கையெழுத்து ஓ.பி. சீட்டும் சான்றுதான். அதன் தேதியும் முத்திரையும் தெளிவாக இருந்தால் சரி.

காசு வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்காமலே சான்றிதழ் எழுதித் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உண்மையிலேயே நோயுற்றிருந்த பிள்ளைகள்கூட, மருத்துவமனைக்கு மறுபடி போகச் சோம்பி அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். பொய்ச் சான்று என்று தெரிந்தால், நீட்டிப்பு மறுக்கப்படுவதோடு விஷயம் நிற்காது. காப்பியடித்ததற்கு நிகரான ஒழுங்கு நடவடிக்கையாகிப் பட்டத்தையே பாதிக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துவிட்டதா? மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கெடுவுக்கு முன் அது வந்து சேராது என்று தோன்றினால் மடலை நிறுத்திவைக்காதீர்கள். கையில் இருப்பதை இணைத்து அனுப்பி, மீதி எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதுங்கள்.

இனி, எதை அனுப்புவது? அவளிடம் இருந்த கோப்பில் இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள். அன்றாட இரத்த அறிக்கைகள், மருந்துக் கடை ரசீதுகள் எல்லாம் சேர்த்து. நாங்கள் எடுத்தவை இரண்டுதான்: டிஸ்சார்ஜ் சம்மரி, புதிய சான்றிதழ். தட்டணு எண்ணிக்கை நாளுக்கு நாள் எப்படி விழுந்து எழுந்தது என்பது சம்மரியிலேயே இருக்கிறது. டியூட்டர் மருத்துவர் அல்லர். தேதிகள்தான் அவருக்குத் தேவை. படுக்கைப் புகைப்படத்தை நீக்கிவிட்டோம். அதில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. அது எதற்கும் சாட்சியாகாது.

நோயின் பெயரை டியூட்டருக்குச் சொல்ல விருப்பமில்லை என்றாலும் வழி உண்டு. மகப்பேறு தொடர்பானதாகவோ மனநலம் தொடர்பானதாகவோ இருந்தால் பலர் தயங்குவார்கள். அப்போது சான்றைப் படிவத்தோடு அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பி, டியூட்டருக்கு “மருத்துவச் சான்றை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்” என்று எழுதினால் போதும். ஆனால் ஆவணத்தில் எதையும் நீங்களே கறுப்படித்து மறைக்க வேண்டாம். திருத்திய தாள் என்ற ஐயம் வரும்.

வாட்ஸ்அப்பில் கைமாறிய படத்தில் எழுத்துகள் மங்கிவிடும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாளையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வாங்கினோம். திறக்காமலே என்னவென்று தெரியும்படி பெயர் வைத்தோம்:

```
1_discharge_summary_15-19Nov.pdf
2_medical_certificate_21Nov.pdf
```

எத்தனை நாள் கேட்பது

“ஒரு மாதம் கேட்போமா சித்தி? குறைத்துக் கொடுத்தாலும் இரண்டு வாரம் கிடைக்குமே” என்றாள். காய்கறிக் கடையில் பேரம் பேசும் பழக்கம் இங்கே உதவாது. சான்று 15 நாளைக் காட்டும்போது 30 நாள் கேட்டால், மிச்சம் 15 நாளுக்குக் காரணம் எங்கே என்ற கேள்விதான் வரும். அதோடு சேர்த்து உண்மையான 15 நாளின்மீதும் சந்தேகம் விழும்.

குறைத்துக் கேட்பதும் தவறுதான். மரியாதைக்காக “மூன்று நாள் போதும்” என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி கேட்டு நிற்பவர்கள் உண்டு. இரண்டாவது நீட்டிப்பு முதலாவதைவிடக் கடினம். சில பல்கலைக்கழகங்களில் அது கிடைக்கவே கிடைக்காது.

நாங்கள் மணிக்கணக்கில் கணக்குப் போட்டோம். வேலைக்குப் போகிறவள் என்பதால் வார நாளில் 2 மணி நேரமும் சனி, ஞாயிறு ஒவ்வொன்றிலும் 5 மணி நேரமும்தான் அவளால் படிக்க முடியும். நவம்பர் 12 முதல் 26 வரை இழந்தது 11 வார நாளும் நான்கு வாரக்கடைசி நாளும். அதாவது 22 மணியும் 20 மணியும் சேர்ந்து 42 மணி நேரம். கெடு டிசம்பர் 11 நண்பகல் என்றால், நவம்பர் 27 முதல் டிசம்பர் 10 வரை 10 வார நாளும் நான்கு வாரக்கடைசி நாளும் கிடைக்கும். 40 மணி நேரம். இழந்ததும் கிடைப்பதும் ஏறக்குறைய சமம். டியூட்டரின் 14 நாள் வரம்புக்குள்ளும் அடங்குகிறது. ஆக, 14 நாள்.

நியாயமான நீட்டிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். நோய் எடுத்துக்கொண்ட நேரத்தைத் திரும்பப் பெறுவது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத கூடுதல் நேரத்தை அல்ல. இந்தக் கணக்கைச் செய்த பிறகு அவளுடைய தொனியே மாறியது. கெஞ்சுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

அடுத்த பாடத்தின் கெடு எப்போது என்றும் ஒருமுறை பாருங்கள். புதிய தேதி அதன்மேல் போய் மோதினால், நீட்டிப்பு ஒரு கட்டுரையைக் காப்பாற்றி இன்னொன்றைக் கெடுக்கும். அவளுக்கு அடுத்தது ஜனவரியில், தொல்லையில்லை.

மடல்

நூற்றுக்கணக்கான மடல்களுக்கு நடுவே டியூட்டர் முதலில் பார்ப்பது தலைப்பு வரியைத்தான். பாடக் குறியீடு, எந்த ஒப்படைப்பு, கெடு, மாணவர் எண் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து வந்தால் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய அவருக்கு வழியில்லை.

```
Extension request: PH704 Essay 2, due 27 Nov, ID 0000000
```

மடலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் பிறருடைய ஆங்கில வாக்கியங்களை அப்படியே எடுத்து ஒட்டினால் உங்கள் குரல் போய்விடும். அதனால் அவள் எழுதியதன் பொருளைத் தமிழில் தருகிறேன். உங்கள் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

> மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,
>
> இரண்டாம் கட்டுரைக்கு 14 நாள் நீட்டிப்புக் கேட்டு எழுதுகிறேன். இப்போதைய கெடு நவம்பர் 27, வியாழன், நண்பகல் 12. புதிய கெடுவாக டிசம்பர் 11, வியாழன், நண்பகல் 12 மணியைக் கேட்கிறேன். இரண்டும் பிரிட்டன் நேரம்.
>
> நவம்பர் 12 அன்று எனக்குக் காய்ச்சல் தொடங்கியது; 13ஆம் தேதி இரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. 15 முதல் 19 வரை சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தேன். நவம்பர் 12 முதல் 26 வரை படிப்புக்கும் வேலைக்கும் தகுதியில்லை என்று மருத்துவர் சான்றளித்திருக்கிறார்.
>
> நோய்க்கு முன் தேவையான வாசிப்பை முடித்து, 900 சொல்வரை எழுதியிருந்தேன். விரும்பினால் அந்த வரைவை அனுப்புகிறேன். 27ஆம் தேதி மீண்டும் தொடங்குவேன். அலுவலக வேலைக்கு நடுவே வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரம் படிக்க முடியும் என்பதால், இழந்த நேரத்தை ஈடுசெய்ய 14 நாள் தேவைப்படுகிறது.
>
> டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருத்துவச் சான்றிதழையும் இணைத்திருக்கிறேன். சம்மரியில் என் பெயருக்கு முன்னுள்ள எழுத்து, பல்கலைக்கழகப் பதிவில் குடும்பப் பெயராக உள்ள என் தந்தையின் பெயரைக் குறிக்கும். நீட்டிப்புப் படிவத்தையும் இன்று மாணவர் தளத்தில் பதிவேற்றியிருக்கிறேன்.
>
> இந்த நீட்டிப்பைத் தாங்கள் அனுமதிக்கிறீர்களா, அல்லது அலுவலகத்தின் முடிவு தேவையா என்று நவம்பர் 25, செவ்வாய்க்கிழமைக்குள் தெரிவித்தால் அதற்கேற்பத் திட்டமிட உதவியாக இருக்கும்.
>
> நன்றியுடன்,
> முழுப் பெயர், மாணவர் எண்

கேட்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. நாமோ நலம் விசாரித்து, காரணம் சொல்லி, கடைசியில்தான் கேட்போம். அதுதான் மரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். வேலைக்கு நடுவே கைப்பேசியில் படிக்கும் ஒருவருக்கு, என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்வதே மரியாதை. நோயைப் பற்றி மூன்றே வாக்கியம். மூன்றிலும் சான்றில் உள்ள அதே தேதிகள். ஒருமுறைகூட மன்னிப்பு இல்லை, ஏனென்றால் டெங்கு வந்தது அவள் குற்றமில்லை. 900 சொல்லைப் பற்றிய வரியை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். நோய் வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது என்று காட்டும் இடம் அது ஒன்றுதான். உங்களுடையதில் 200 சொல்தான் இருந்தால் 200 என்றே எழுதுங்கள். வரைவைக் காட்டச் சொன்னால் காட்ட முடிய வேண்டும்.

அனுப்பிய பிறகு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அனுப்பினாள். அங்கே நண்பகல் 12.30. சனி, ஞாயிறு பதில் வராது என்று தெரிந்ததால் காத்திருக்கும் நடுக்கம் இல்லை. இரண்டு வேலை நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், புதிய மடல் தொடங்காமல் அதே மடலுக்குக் கீழே இரண்டு வரி எழுதி, படிப்புக்கான அலுவலக முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். மௌனம் சம்மதம் என்பது நம் பழமொழி. இங்கே அது செல்லாது. எழுத்தில் அனுமதி வராதவரை பழைய கெடுதான் கெடு.

அப்படிப் பதில் இல்லாமலே கெடு நெருங்கினால், கையில் இருக்கும் அரைகுறைக் கட்டுரையைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். சில பல்கலைக்கழகங்களில், ஒப்படைத்தாலே “நான் உடல்நலத்தோடு இருக்கிறேன்” என்று நீங்கள் உறுதி கூறியதாகக் கொள்வார்கள்; பிறகு நோயைக் காரணம் காட்ட முடியாது. அந்த விதி உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மறுபக்கம், தாமதமாக ஒப்படைத்தால் நாளொன்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று வெட்டும் முறை பரவலாக உண்டு. எது குறைந்த இழப்பு என்று அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதை மடலாக எழுதி அவர்களுக்கே அனுப்பிவையுங்கள்.

மறுத்துவிட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சான்றில் ஒரு தேதியோ பெயரோ குறையாக இருக்கும். அதைச் சரிசெய்து மீண்டும் கொடுக்கலாம். அதற்கும் மேலே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு வழி உண்டு. அதுவும் முடிந்த பிறகு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் என்றால் ஓஐஏ என்ற தன்னாட்சி அமைப்பிடம் முறையிடலாம். ஒரு கட்டுரைக்காக அவ்வளவு தூரம் போக நேர்வது அரிது.

அவளுக்குத் திங்கட்கிழமை இரவு பதில் வந்தது. மூன்று வரி. டிசம்பர் 11 நண்பகல்வரை அனுமதி, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், வரைவை அனுப்ப வேண்டியதில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள். நான் அவளை எழுப்பி இன்னொரு வேலை சொன்னேன். மாணவர் தளத்தில் கட்டுரை பதிவேற்றும் பக்கத்தைத் திறந்தால் அங்கே இன்னும் நவம்பர் 27 என்றே இருந்தது. டியூட்டரின் பதிலைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, அதை இணைத்து, தளத்தில் தேதியை மாற்றித் தருமாறு அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினாள். புதன்கிழமை காலை அந்தப் பக்கத்தில் டிசம்பர் 11 என்று மாறியிருந்தது.